விதியை மாணவரே கண்டறியும் ஆங்கில இலக்கணப் பாடம்: ‘சின்ஸ்’, ‘ஃபார்’ பாடத்தைத் திட்டமிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் தாராவி, சயான், மாட்டுங்கா பகுதிகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கும் மாலை நேரத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளே இவை. எல்லாப் பதில்களும் ஒரே பாடத்தைச் சுற்றியே அமைந்துள்ளன. இங்கே தமிழ் எழுத்தில் உள்ள ஆங்கில வாக்கியங்களை வகுப்பில் ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும்.

விதிவருமுறை என்றால் விதியை ஆசிரியர் கடைசி வரை சொல்லவே கூடாதா?

சொல்லலாம், எப்போது சொல்வது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. விதிவிளக்க முறையில் ஆசிரியர் முதலில் விதியைக் கூறி, பிறகு எடுத்துக்காட்டுகளைக் காட்டி, அதன்பின் பயிற்சி கொடுக்கிறார். விதிவருமுறையில் எடுத்துக்காட்டுகள் முதலில் வருகின்றன. மாணவர்கள் அவற்றை ஒப்பிட்டு, எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பார்த்து, தங்கள் சொற்களில் ஒரு விதியைச் சொல்லி, புதிய வாக்கியங்களை வைத்து அதைச் சோதிக்கிறார்கள். சோதனையில் தேறிய விதியை ஆசிரியர் செம்மைப்படுத்திப் பலகையில் எழுதுவதே முறை. வகுப்பு முடியும்போது விதி எழுதப்படாமல் விட்டுவிட்டால், பாதிப் பேர் சரியான விதியோடும் மீதிப் பேர் அரைகுறையான விதியோடும் வீட்டுக்குப் போவார்கள். அதை ஆசிரியர் அறிய வழியும் இராது.

எந்த இலக்கணத்தையும் இப்படிக் கற்பிக்க முடியுமா?

முடியாது. கண்ணால் பார்த்து ஒப்பிடக்கூடிய வடிவமும், சில எடுத்துக்காட்டுகளுக்குள் அடங்கும் காரணமும் உள்ள இலக்கணமே இதற்கு ஏற்றது. ‘டிபெண்ட்’ என்ற வினைக்குப் பின் ஏன் ‘ஆன்’ வருகிறது, ‘இன்ட்ரஸ்டட்’ என்பதற்குப் பின் ஏன் ‘இன்’ வருகிறது என்பதற்கு மாணவர் கண்டறியத்தக்க விதி எதுவும் இல்லை. அவற்றைச் சொல்லோடு சேர்த்தே பழக வேண்டும். ‘எ’, ‘த’ ஆகியவற்றின் முழுப் பயன்பாட்டுக்கு விதிகள் உண்டு என்றாலும், அவை ஒரு மணி நேர வகுப்புக்குள் அடங்காதவை.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ வேறுபாடு மும்பை வகுப்புக்கு மிகப் பொருத்தமானது என்று நான் கருதுகிறேன். இங்கே வளர்ந்த பிள்ளைகளிடம் ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்ற வாக்கியத்தை அடிக்கடி கேட்கலாம். இந்தியில் ‘தஸ் சால் ஸே’ என்றாலும் ‘2012 ஸே’ என்றாலும் அதே ‘ஸே’ தான் வருகிறது. மராத்தியின் ‘பாஸூன்’ என்ற சொல்லும் இரண்டு இடத்துக்கும் பொதுவாக நிற்கிறது. தமிழோ இரண்டையும் பிரித்தே சொல்கிறது: ‘பத்து வருஷமா’ என்பது வேறு, ‘2012லிருந்து’ என்பது வேறு. ஆக, மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய வேறுபாடு அவர்கள் வீட்டில் பேசும் மொழியிலேயே ஏற்கெனவே இருக்கிறது.

எடுத்துக்காட்டு வாக்கியங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? எத்தனை வேண்டும்?

திட்டமிடலில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். மாணவர்கள் எந்த விதிக்கு வந்து சேர்வார்கள் என்பதைப் பெரும்பாலும் இந்த வாக்கியங்களே முடிவு செய்கின்றன. நம் மனத்தில் சரியான விதி இருப்பதால், நாம் எழுதும் எந்த எடுத்துக்காட்டும் அந்த விதியையே காட்டுவதாக நமக்குத் தோன்றும். மாணவருக்கோ அந்த எழுத்துகளைத் தவிர வேறு சான்று இல்லை.

பலர் செய்வது போல ‘சின்ஸ் 2012’, ‘சின்ஸ் மண்டே’, ‘சின்ஸ் ஜனவரி’ ஆகியவற்றை ஒரு பக்கமும், ‘ஃபார் டூ இயர்ஸ்’, ‘ஃபார் த்ரீ மன்த்ஸ்’, ‘ஃபார் ஃபைவ் டேய்ஸ்’ ஆகியவற்றை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். இவை எல்லாம் சரியான ஆங்கிலமே. ஆனால் இவற்றைப் பார்க்கும் மாணவர், பன்மைச் சொல் வந்தால் ‘ஃபார்’ என்றோ, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சொன்னால் ‘ஃபார்’ என்றோ, காலண்டரில் பெரிய எழுத்தில் அச்சிட்ட பெயர் வந்தால் ‘சின்ஸ்’ என்றோ முடிவு செய்யலாம். இம்மூன்று விதிகளும் பலகையில் உள்ள எல்லா வாக்கியங்களுக்கும் பொருந்துகின்றன. அதனால் மாணவரைக் குறை சொல்ல இடமில்லை.

எனவே வாக்கியங்களை எழுதுவதற்கு முன், மாணவர் ஊகிக்கக்கூடிய தவறான விதிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தவறான விதியையும் உடைக்கும் வாக்கியம் ஒன்றாவது பலகையில் இருக்க வேண்டும். அப்படி அமைத்த எட்டு வாக்கியங்கள் இவை:

செல்வி ஹேஸ் லிவ்ட் இன் தாராவி சின்ஸ் 2012.
ஷீ ஹேஸ் வொர்க்ட் இன் எ பேக்கரி ஃபார் த்ரீ இயர்ஸ்.
ஹெர் மதர் ஹேஸ் பீன் இல் ஃபார் எ வீக்.
ஹெர் பிரதர் ஹேஸ் பீன் இன் சென்னை சின்ஸ் மண்டே.
தே ஹேவ் நோன் த டாக்டர் ஃபார் எ லாங் டைம்.
செல்வி ஹேஸ் வெயிட்டட் அட் த ஹாஸ்பிட்டல் ஃபார் டூ அவர்ஸ்.
ஷீ ஹேஸ் நாட் ஈட்டன் சின்ஸ் பிரேக்ஃபாஸ்ட்.
த பேக்கரி ஹேஸ் பீன் ஓபன் சின்ஸ் சிக்ஸ் ஓ’க்ளாக்.

எண் வந்தால் ‘ஃபார்’ என்பவருக்கு ‘சின்ஸ் சிக்ஸ் ஓ’க்ளாக்’ தடையாக நிற்கும். பன்மை வந்தால் ‘ஃபார்’ என்பவருக்கு ‘ஃபார் எ வீக்’ தடையாக நிற்கும். பெரிய எழுத்தில் தொடங்கும் பெயருக்கே ‘சின்ஸ்’ என்பவரை ‘சின்ஸ் பிரேக்ஃபாஸ்ட்’ யோசிக்க வைக்கும். நீண்ட காலத்துக்கு ஒன்று, குறுகிய காலத்துக்கு மற்றொன்று என்று சிலர் நினைப்பதுண்டு. ஆண்டுக்கணக்கில் நீளும் ‘சின்ஸ் 2012’ உம் இரண்டே மணி நேரமான ‘ஃபார் டூ அவர்ஸ்’ உம் சேர்ந்து அந்த எண்ணத்தை நீக்கிவிடும்.

ஒரு பக்கத்துக்கு நான்கு வாக்கியங்கள் போதும். ஆறுக்கு மேல் போனால் மாணவர் ஒப்பிடுவதை விட்டுவிட்டுப் படித்து முடிப்பதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார். மேலும், எட்டு வாக்கியங்களிலும் வினை ‘ஹேஸ்’ அல்லது ‘ஹேவ்’ என்பதோடு ஒரே அமைப்பில் இருப்பதைக் கவனியுங்கள். கண்டறிய வேண்டியது ஒன்று மட்டுமே மாற வேண்டும், மற்றவை அசையாமல் நிற்க வேண்டும். வினையும் மாறினால் மாணவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் குழம்புவார். இந்தப் பாடத்துக்கு வரும் முன்பே அவர்கள் அந்த வினை வடிவத்தைப் படித்துப் புரிந்துகொள்பவர்களாக இருக்க வேண்டும். பிழையின்றிப் பேசுபவர்களாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு மணி நேர வகுப்பை எப்படிப் பிரித்துக்கொள்வது?

முதல் பத்து நிமிடம் பொருளுக்கு உரியது. மேலே உள்ள எட்டு வாக்கியங்களும் ஒரு சிறு கதைக்குள் வர வேண்டும்: செல்வி இன்று வேலைக்குப் போகவில்லை, அம்மாவுக்கு உடல்நலம் இல்லை, தம்பி ஊரில் இல்லை, அதனால் மருத்துவமனையில் அவளே காத்திருக்கிறாள். கதையைப் படித்துவிட்டு, செல்வி ஏன் வேலைக்குப் போகவில்லை, அம்மாவை ஏன் தம்பி அழைத்துச் செல்லவில்லை என்று மட்டும் கேளுங்கள். வாக்கியத்தின் பொருள் தெரியாத மாணவரால் அதன் இலக்கணத்தைக் கண்டறிய முடியாது. அவர் எழுத்துகளின் தோற்றத்தை வைத்தே ஊகிப்பார்.

அடுத்த பதினைந்து நிமிடத்தில் பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ‘சின்ஸ்’, மறுபக்கம் ‘ஃபார்’ என்று எழுதி, கதையில் அந்தச் சொல்லுக்குப் பின் வந்த தொடரை மட்டும் மாணவர்களையே வந்து எழுதச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 2012, மண்டே, பிரேக்ஃபாஸ்ட், சிக்ஸ் ஓ’க்ளாக் என்றும், மறுபக்கம் த்ரீ இயர்ஸ், எ வீக், எ லாங் டைம், டூ அவர்ஸ் என்றும் நிற்கும். பிறகு இருவர் இருவராக அமர்ந்து, ஒரே பக்கத்தில் உள்ளவற்றுக்குப் பொதுவானது எது என்று பேசட்டும். இந்த நேரத்தில் ஆசிரியர் வகுப்பைச் சுற்றி வந்து காது கொடுத்துக் கேட்க வேண்டுமே தவிர, திருத்தக் கூடாது. எந்த இணை எந்தத் தவறான விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது இப்போதுதான் தெரியவரும்.

அதன்பின் பத்து நிமிடம் விதிகளைச் சொல்லவும், பத்து நிமிடம் அவற்றைச் சோதிக்கவும், மீதமுள்ள பதினைந்து நிமிடம் தங்களைப் பற்றியே வாக்கியம் அமைக்கவும் போகும். இந்தக் கடைசிப் பகுதியைக் குறைக்க வேண்டாம். விதியைக் கண்டறிந்த மகிழ்ச்சியில் நேரம் ஓடிவிட, பேசுவதற்கு நேரம் இல்லாமல் போவது இம்முறையில் அடிக்கடி நேரும் குறை.

மாணவர்கள் ஒன்றும் சொல்லாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

குறிப்புகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, சிறியதிலிருந்து பெரியதாக ஒவ்வொன்றாகத் தர வேண்டும். முதல் குறிப்பு, இரண்டே தொடர்களை மட்டும் எடுத்து ஒப்பிடச் சொல்வது: ‘சிக்ஸ் ஓ’க்ளாக்’, ‘டூ அவர்ஸ்’ இரண்டிலும் எண் இருக்கிறது, கடிகாரமும் தொடர்புடையது, பின் ஏன் வெவ்வேறு பக்கத்தில் நிற்கின்றன? பெரும்பாலான வகுப்புகள் இதிலேயே அசையத் தொடங்கும்.

அதற்கும் பதில் வரவில்லை என்றால், பலகையில் இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்து, வலது முனையில் ‘இன்று’ என்று எழுதுங்கள். 2012ஐ இந்தக் கோட்டில் குறிக்க ஒரு மாணவரை அழையுங்கள். அவர் ஒரு புள்ளி வைப்பார். பிறகு ‘த்ரீ இயர்ஸ்’ என்பதைக் குறிக்கச் சொல்லுங்கள். புள்ளி போதாது, ஒரு நீளத்தைத்தான் காட்ட முடியும் என்பது சாக்பீஸைக் கையில் பிடித்தவுடன் அவருக்கே தெரிந்துவிடும். இந்தக் குறிப்பு கிட்டத்தட்ட விடையையே சொல்லிவிடுவது என்பதால், அதைக் கடைசி வரை கையில் வைத்திருப்பதே நல்லது.

தவறான விதியைச் சொன்னால் உடனே திருத்த வேண்டாமா?

‘தவறு’ என்று ஆசிரியர் சொன்னால், மாணவர் அடுத்த ஊகத்தைச் சொல்லி ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பார். வாக்கியங்களைப் பார்க்க மாட்டார். அதனால் அவர் சொன்ன விதியை அப்படியே பலகையில் எழுதி, எட்டு வாக்கியங்களிலும் இது பொருந்துகிறதா என்று வகுப்பையே பார்க்கச் சொல்லுங்கள். ‘எண் வந்தா ஃபார், டீச்சர்’ என்று ஒருவர் சொன்னால், அதை எழுதிய சில நொடிகளிலேயே வேறொருவர் ‘ஆறு மணிக்கு சின்ஸ் போட்டிருக்கே’ என்பார். விதியை உடைத்தது வாக்கியமே தவிர, ஆசிரியர் அல்லர்.

எட்டு வாக்கியங்களுக்கும் பொருந்தி, ஆனால் முழுமையாக இல்லாத விதிகள் வருவதும் உண்டு. ‘நேரத்தில் ஒரு புள்ளி என்றால் சின்ஸ்’ என்பது அத்தகையது. அதை ஏற்றுக்கொண்டு, சோதனைத் தொடர்களுக்குச் செல்லுங்கள்.

சோதனைக்கு எந்த மாதிரித் தொடர்களைத் தர வேண்டும்?

முதலில் எளியவை இரண்டு தரலாம்: ‘பொங்கல்’, ‘ஃபைவ் மினிட்ஸ்’. விதி வேலை செய்கிறது என்ற நம்பிக்கை பிறந்த பிறகு, அதை இழுத்துப் பார்க்கும் தொடர்கள் வர வேண்டும்.

‘லாஸ்ட் வீக்’ என்பதை எழுதிக் கேளுங்கள். வாரம் என்பது ஏழு நாள் நீளமுள்ளது, புள்ளி அன்று. ஆகவே ‘ஃபார்’ என்று சிலர் சொல்வார்கள். இங்கே ‘சின்ஸ் லாஸ்ட் வீக்’ என்பதே சரி. உடனே ‘த லாஸ்ட் டூ வீக்ஸ்’ என்று எழுதுங்கள். அதற்கு ‘ஃபார்’ வர வேண்டும். ‘லாஸ்ட்’ என்ற சொல்லைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதும், புள்ளி என்ற சொல் மட்டும் போதாது என்பதும் இந்த இரண்டிலும் ஒன்றாகத் தெரியும். ‘சைல்ட்ஹுட்’ என்பதும் இப்படியே. குழந்தைப்பருவம் பல ஆண்டுகள் நீண்டது, ஆனாலும் ‘சின்ஸ் சைல்ட்ஹுட்’ என்கிறோம்.

இந்த இடத்தில் வகுப்பு தன் விதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும். ‘எப்போது தொடங்கியது?’ என்ற கேள்விக்கு விடையாக வருவது ‘சின்ஸ்’, ‘எவ்வளவு காலம்?’ என்ற கேள்விக்கு விடையாக வருவது ‘ஃபார்’. ‘லாஸ்ட் வீக்’, ‘சைல்ட்ஹுட்’ இரண்டும் முதல் கேள்விக்கே விடையாகின்றன. இந்த வடிவத்துக்கு வகுப்பு வந்து சேர்ந்ததும் அதை ஆசிரியர் பலகையில் எழுதி, எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் செய்யலாம். கடைசியாக ‘ஷீ கேம் டு மும்பை’ என்ற முழு வாக்கியத்தையே கொடுத்து எந்தப் பக்கம் என்று கேட்டால், அதற்கும் விதி பதில் சொல்வதைக் கண்டு மாணவர்கள் வியப்பார்கள்.

விதியைத் தமிழில் சொல்ல விடலாமா? சிலர் இந்தியில்தான் பேசுகிறார்கள்.

விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு விதியை ஆங்கிலத்தில் விளக்கத் தேவையான ஆங்கிலம், அந்த விதியைப் பயன்படுத்தத் தேவையான ஆங்கிலத்தைவிடக் கடினமானது. ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்றால், வகுப்பில் நன்றாகப் பேசும் இரண்டு மூன்று பேரின் விதியே எல்லோருடைய விதியும் ஆகிவிடும். வாக்கியங்களும் கடைசிப் பயிற்சியும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும்.

தமிழில் பேசும்போது யாராவது ஒருவர், ‘வருஷமா’ என்றால் ‘ஃபார்’, ‘லிருந்து’ என்றால் ‘சின்ஸ்’ என்று தானே கண்டு சொல்வார். அது மிக நல்ல கண்டுபிடிப்பு. ‘காலையிலிருந்து’, ‘ரெண்டு மணி நேரமா’ என்று மேலும் சில தொடர்களை வைத்து அதையும் சோதியுங்கள். ஆனால் ஆசிரியர் இதை முதலில் சொல்லிவிட்டால் பாடம் விதிவிளக்க முறையாக மாறிவிடும், மாணவர்கள் வாக்கியங்களைப் பார்க்கும் வேலையே இல்லாமல் போய்விடும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இந்தியிலேயே படித்து வளர்ந்த சில பிள்ளைகள் தமிழிலும் ‘பத்து வருஷத்துல இருந்து’ என்று சொல்வதுண்டு. அவர்களுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது. மேலே சொன்ன இரண்டு கேள்விகளையே அவர்கள் நம்ப வேண்டும்.

டியூஷனில் ஏற்கெனவே படித்த ஒருவர் முதல் நிமிடத்திலேயே விதியைச் சொல்லிவிடுகிறார். பாடம் கெட்டுவிடாதா?

அவர் சொன்னதையும் மற்ற ஊகங்களோடு சேர்த்து, சரி என்றோ தவறு என்றோ சொல்லாமல் பலகையில் எழுதிவிடுங்கள். மனப்பாடமாக வந்த விதி பெரும்பாலும் ‘பாயின்ட் ஆஃப் டைம்’, ‘பீரியட் ஆஃப் டைம்’ என்ற வடிவில் இருக்கும். ‘லாஸ்ட் வீக்’ வரும்போது அவரும் மற்றவர்களோடு சேர்ந்து யோசிக்க வேண்டியவராகிறார்.

பிரபு அவர்களின் பெங்களூர்த் திட்டமும் இதுவும் ஒன்றுதானா?

அல்ல. ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய அந்தத் திட்டத்தில், மாணவர்கள் ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துச் சிறு சிக்கல்களைத் தீர்த்தார்கள். அவர்களின் கவனம் முழுவதும் பொருளில் இருந்தால் இலக்கணம் தானாகவே உள்ளே படியும் என்பது அதன் அடிப்படை; எந்த விதியையும் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விதிவருமுறையில் மாணவர் விதியை அறிந்தே தேடுகிறார், வாய்விட்டுச் சொல்கிறார். இரண்டிலும் ஆசிரியர் விளக்கம் முதலில் வருவதில்லை என்பதால் ஒன்று போலத் தோன்றுகின்றன.

விதி உண்மையாகவே புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அங்கே ‘சின்ஸ்’ அல்லது ‘ஃபார்’ என்ற இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்று மாணவருக்கு முன்பே தெரியும். ஊகித்தாலும் பாதி சரியாகும். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டு, அவர் எந்தக் கேள்வியை மனத்தில் கேட்டுக்கொண்டார் என்று சொல்ல வைப்பது மேலானது.

கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் இருப்பவரிடம், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எத்தனை காலமாக இங்கே இருக்கிறார்கள், இந்த வேலையை அல்லது இந்தப் படிப்பை எப்போது தொடங்கினார்கள் என்று கேட்டு, அதை வகுப்புக்குச் சொல்லட்டும். ஒரே செய்தியை இரு வழியிலும் சொல்லச் சொல்லுங்கள்: ‘சின்ஸ் 2019’ என்றவர் அதையே ‘ஃபார்’ போட்டு ஆண்டுகளைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். இது விதியின் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் சோதிக்கிறது.

அப்போதும் விதியைச் சரியாகச் சொன்ன அதே மாணவர், தன் கதையைச் சொல்லும் வேகத்தில் ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று சொல்லக்கூடும். அறிந்தது பேச்சில் பழகச் சில வாரங்கள் ஆகும். பலகையில் உள்ள இரண்டு கேள்விகளைச் சுட்டிக் காட்டினால் போதும், அவரே திருத்திக்கொள்வார். அப்படித் திருத்திக்கொள்ள முடிகிறது என்பதே விதி அவரிடம் இருப்பதற்கு அடையாளம். ஒரு வாரம் கழித்து, வேறொரு பாடத்தின் நடுவே, முன்னறிவிப்பில்லாமல் இதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2012’ என்று எழுதினால் அன்றே திருத்தலாமா?

தமிழிலும் இந்தியிலும் இவ்விடத்தில் நிகழ்காலமே வருவதால் இந்த வாக்கியம் கட்டாயம் வரும். இன்றைய பாடத்தின் கேள்வி ‘சின்ஸ்’ சரியா என்பது; அது சரி. மாணவரின் வாக்கியத்தை ‘யூ ஹேவ் வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2012’ என்று சரியான வடிவில் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள், ஆனால் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வினை வடிவம் தனிப் பாடத்துக்கு உரியது.

அந்தப் பாடத்துக்கு வேண்டிய எடுத்துக்காட்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது. ‘ஃபார்’ எல்லாக் காலத்தோடும் வரக்கூடியது என்பதால், இம்முறை அது அசையாமல் நிற்க, வினை மட்டும் மாறலாம்: ‘செல்வி வொர்க்ட் இன் எ பேக்கரி ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்பதையும் ‘செல்வி ஹேஸ் வொர்க்ட் இன் எ பேக்கரி ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்பதையும் அருகருகே எழுதி, இந்த இரண்டு செல்விகளில் யார் நாளைக் காலை பேக்கரிக்கு வேலைக்குப் போவார் என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்கலாம்.